கூரை வரைபடத்திலிருந்து ஷீட், ரிட்ஜ், ஸ்க்ரூ கணக்கு: இரு சரிவுக் கூரைக்கு ஒரு செய்முறை

கூரை ஷீட் வாங்கப் போகும் புதியவர்கள் பெரும்பாலும் பரப்பளவில்தான் தொடங்குகிறார்கள். கூரை இத்தனை சதுர மீட்டர், ஒரு ஷீட் இத்தனை சதுர மீட்டர், வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும், சேதாரத்துக்கு ஐந்து சதவீதம் சேர்த்தால் போதும் என்று நினைக்கிறார்கள். தாளில் அது சரியாகத்தான் தெரியும். வேலை முடியும் நாளன்று கடைசி ஷீட்டையும் போட்ட பிறகு ஓரத்தில் அரை மீட்டர் அகலத்துக்கு மரச்சட்டம் வெளியே தெரியும்போதுதான் தப்பு புரியும்.

ஷீட்டைப் பரப்பாக எண்ணக் கூடாது, வரிசையாக எண்ண வேண்டும். முகட்டிலிருந்து கீழ்விளிம்பு வரை ஓடும் ஒரு ஷீட் ஒரு வரிசை. எத்தனை வரிசை, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்ற இரண்டு கேள்விக்கும் தனித்தனியாக விடை கண்டுபிடித்தால் ஷீட் கணக்கு முடிந்தது. முகட்டை மூடும் மடிப்புத் தகடான ரிட்ஜும், ஸ்க்ரூவும் அதே வரிசைகளை வைத்தே வந்துவிடும்.

செவ்வகக் கட்டடம், நடுவில் முகடு, இரண்டு பக்கமும் சமமான சரிவு, மேடு பள்ளமாக மடித்த உலோக ஷீட்: இந்த ஒரு கூரையை மட்டும் இங்கே முழுதாகக் கணக்கிடுவோம்.

வரைபடத்தில் எடுக்க வேண்டிய அளவுகள்

நம் கட்டடத்தின் வெளிச்சுவர் அளவு 12 மீட்டர் நீளம், 7.2 மீட்டர் அகலம். முகடு நீளவாக்கில் ஓடுகிறது. நீளச் சுவர்களுக்கு வெளியே கூரை 450 மி.மீ நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு முனைகளிலும் இருக்கும் முக்கோணச் சுவர்களுக்கு வெளியே 300 மி.மீ நீட்டிக்கொண்டிருக்கிறது. சரிவு மூன்றுக்கு ஒன்று. அதாவது கிடைமட்டமாக 3 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும்.

முதல் வேலை, சுவர் அளவைக் கூரை அளவாக மாற்றுவது. நீளம் 12 + 0.3 + 0.3 = 12.6 மீட்டர். அகலம் 7.2 + 0.45 + 0.45 = 8.1 மீட்டர், அதில் பாதி 4.05 மீட்டர். வரைபடத்தில் எழுதியிருப்பது சுவருக்கான அளவா, கூரை விளிம்புக்கான அளவா என்று கவனித்துக்கொள்ளுங்கள். நீட்டலைச் சேர்க்க மறப்பதும், ஏற்கெனவே சேர்த்த அளவின் மேல் இன்னொரு முறை சேர்ப்பதும் சமமாகவே நடக்கும் தவறுகள்.

ஷீட்டின் நீளம்

மேலிருந்து பார்த்து வரைந்த படத்தில் சரிவு தெரியாது. படத்தில் 4.05 மீட்டராகத் தெரிவது கூரை மேல் டேப் பிடித்தால் அதைவிட நீளமாக இருக்கும். எவ்வளவு நீளம் என்பதைச் சரிவு சொல்லும். மூன்றுக்கு ஒன்று சரிவில், 3-இன் வர்க்கமும் 1-இன் வர்க்கமும் சேர்ந்து 10. அதன் வர்க்கமூலம் 3.162. அதை 3-ஆல் வகுத்தால் 1.054. படத்தில் உள்ள அளவை இந்த எண்ணால் பெருக்கினால் சரிவு நீளம் கிடைக்கும். வரைபடத்தில் சரிவைப் பாகையில் கொடுத்திருந்தால் 10 பாகைக்கு 1.015, 15-க்கு 1.035, 20-க்கு 1.064, 25-க்கு 1.103, 30-க்கு 1.155 என்று வைத்துக்கொள்ளலாம்.

பெருக்குவதற்கு முன் ஒன்று பாக்கி இருக்கிறது. ஷீட் ஓரப் பலகையோடு நின்றுவிடக் கூடாது. தண்ணீர் மழைநீர் கட்டருக்குள் சொட்ட வேண்டுமானால் பலகையைத் தாண்டி 50 மி.மீ போக வேண்டும். அதைக் கிடைமட்ட அளவிலேயே சேர்த்துவிடுங்கள்: 4.05 + 0.05 = 4.10. இப்போது பெருக்கினால் 4.10 × 1.054 = 4.32 மீட்டர். மேல் பக்கம் இதற்கு நேர்மாறு. இரண்டு சரிவு ஷீட்டுகளும் முகட்டில் முட்டிக்கொள்ளக் கூடாது, ஒவ்வொரு பக்கமும் சுமார் 40 மி.மீ விட்டு நிற்க வேண்டும். இடைவெளியை ரிட்ஜ் மூடிக்கொள்ளும். ஆகவே 4.32 − 0.04 = 4.28 மீட்டர். ஆர்டரில் 4.30 மீட்டர் என்று எழுதலாம்.

சரிவைக் கணக்கில் எடுக்காமல் 4.10 மீட்டர் என்றே ஆர்டர் கொடுத்திருந்தால் என்ன ஆகும்? ஷீட் 180 மி.மீ குறையும். நாம் எடுக்கப் போகும் ரிட்ஜின் ஒரு பக்க இறக்கை 200 மி.மீ அகலம். அதில் 40 மி.மீ முகட்டு இடைவெளிக்குப் போனால் ஷீட்டின் மேல் ஏறி நிற்பது 160 மி.மீ தான். 180 குறைந்தால் ரிட்ஜின் விளிம்புக்கும் ஷீட்டின் தலைக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர் வானம் தெரியும். முகட்டோடு ஒட்டி வைத்தால் கீழே கட்டருக்கு எட்டாது. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரு பக்கம் போதாது.

ட்ரஸ் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தால் வரைபடத்தை நம்பி ஆர்டர் கொடுக்காதீர்கள். மேலே ஏறி, முகட்டு நடுவிலிருந்து ஓரப் பலகை வரை இரண்டு முனைகளிலும் நடுவிலும் டேப் பிடியுங்கள். மூன்று இடத்திலும் ஒரே அளவு வருவது அபூர்வம். பெரிய அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷீட் கூடினால் வெட்டலாம், குறைந்தால் ஒட்ட முடியாது. அங்கேயே கூரைச் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்த்துவிடுவது நல்லது. இரண்டும் சமமாக இல்லையென்றால் சட்டத்தின் மூலைகள் செங்கோணமாக இல்லை. முதல் ஷீட்டை ஓரத்தோடு ஒட்டிப் போட்டால் கடைசி ஷீட் கோணலாக முடியும்.

தேவையான நீளத்துக்கே வெட்டித் தரும் இடத்தில் வாங்குவதாக இருந்தால் ஒரே துண்டாக 4.30 என்று எழுதுங்கள். குறிப்பிட்ட நீளங்களில் மட்டுமே ஷீட் கிடைக்கும் என்றால் நீளவாக்கில் ஒரு லேப் வரும். இந்தச் சரிவுக்கு மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் குறைந்தது 150 மி.மீ ஏற வேண்டும். சரிவு இதைவிடத் தட்டையானால் 200-க்குக் குறைக்காதீர்கள். அப்போது இரண்டு துண்டுகளின் மொத்த நீளம் 4.30 + 0.15 = 4.45 மீட்டர் வேண்டும். 2.5 மீட்டர் ஒன்றும் 2.0 மீட்டர் ஒன்றும் சேர்ந்தால் 4.50, போதும். ஆனால் அந்த லேப் ஒரு பர்லின் மேலேயே, அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் மேலேயே விழ வேண்டும். அந்தரத்தில் விழும் லேப் ஆள் மிதித்தால் வளையும், வளைந்த இடத்தில் தண்ணீர் உள்ளே ஏறும். எந்தத் துண்டு எவ்வளவு நீளம் என்பதைப் பர்லின் இருக்கும் இடத்தைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். கையில் வாய்ப்பு இருந்தால் ஒரே துண்டுதான் நல்லது. லேப் இல்லாத இடத்தில் ஒழுக்கும் இல்லை.

எத்தனை வரிசை

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். ஷீட்டுக்கு இரண்டு அகலம் உண்டு. ஒன்று, ஷீட்டைத் தரையில் போட்டு ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை அளந்தால் வருவது. இன்னொன்று, பக்கத்து ஷீட்டின் மேல் ஒரு மேடு ஏறி உட்கார்ந்த பிறகு அது உண்மையில் மூடும் அகலம். கணக்குக்கு வேண்டியது இரண்டாவது. நம் உதாரணத்தில் முழு அகலம் 1070 மி.மீ, மூடும் அகலம் 1000 மி.மீ என்று வைத்துக்கொள்வோம்.

விற்பவர் சொன்ன எண் எந்த அகலம் என்று சந்தேகம் இருந்தால் நேரில் பார்த்துவிடலாம். சமதரையில் இரண்டு ஷீட்டுகளைப் போடுங்கள். ஒன்றின் ஓர மேட்டின் மேல் மற்றதன் ஓர மேடு கச்சிதமாக உட்காரும்படி பொருத்துங்கள். மேலே கையால் அழுத்தும்போது உள்ளே காற்று இருப்பதுபோல் துள்ளக் கூடாது. துள்ளினால் மேடு சரியாக உட்காரவில்லை. இப்போது இரண்டு ஷீட்டுகளின் மொத்த அகலத்தை அளக்கவும். 2070 வருகிறது என்றால் அதிலிருந்து ஒற்றை ஷீட்டின் 1070-ஐக் கழித்தால் 1000. இதுதான் நீங்கள் வகுக்க வேண்டிய எண்.

கூரை நீளம் 12.6 ÷ 1.0 = 12.6. பாதி ஷீட்டை யாரும் விற்க மாட்டார்கள், ஆகவே மேலே ஏற்றி 13. இரண்டு சரிவுக்கும் 26 ஷீட்.

இதையே முழு அகலத்தால் வகுத்திருந்தால் 12.6 ÷ 1.07 = 11.8, அதாவது 12. பன்னிரண்டு ஷீட் போட்டால் மூடுவது 12 × 1.0 + 0.07 = 12.07 மீட்டர். ஓரத்தில் 530 மி.மீ திறந்து கிடக்கும், அதுவும் இரண்டு சரிவிலும். பரப்பளவுக் கணக்கும் இதே குழியில்தான் விழுகிறது. மொத்தச் சரிவுப் பரப்பு 12.6 × 4.3 × 2 = 108.4 சதுர மீட்டர். ஒரு ஷீட் 1.07 × 4.3 = 4.6 சதுர மீட்டர். வகுத்தால் 23.6, மேலே ஏற்றி 24. இரண்டு ஷீட் குறைவு.

இன்னொரு சபலமும் வரும். பதின்மூன்றாவது வரிசையில் மூட வேண்டியது சுமார் 600 மி.மீ மட்டுமே, மிச்சத்தை மறு சரிவில் போட்டு ஒரு ஷீட்டை மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். கடைசி ஷீட் 12.0 மீட்டரில் லேப் எடுத்து 12.6 வரை போக வேண்டும், ஆகவே 600 மி.மீ துண்டு தேவை. 1070-இல் 600 போனால் மிச்சம் 470. மறு சரிவுக்கும் 600 வேண்டும். போதாது. ஒருவேளை போதும் என்ற அளவு வந்தாலும், மிச்சத் துண்டின் வெட்டிய பக்கம் தட்டையாக முடியும், லேப் எடுக்க மேடு இருக்காது. மேடு உள்ள பக்கம் லேப்புக்கும் வெட்டிய பக்கம் வெளி ஓரத்துக்கும் சரியாக அமைகிறதா என்று படம் போட்டுப் பார்த்த பிறகே அந்த முடிவுக்குப் போங்கள். நிறம் பூசிய ஷீட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போடவும் முடியாது. உள்பக்கத்துப் பூச்சு வெயிலுக்கானது அல்ல.

பதின்மூன்று ஷீட்டில் நமக்கு 470 மி.மீ மிகுதி இருக்கிறது, கவலை இல்லை. ஆனால் கூரை நீளம் 12.6-க்குப் பதில் 13.0 என்று வைத்துக்கொள்ளுங்கள். 13 ஷீட் மூடுவது 13.07. தாளில் சரி, மிகுதி 70 மி.மீ. கூரையில் அப்படி நடக்காது. ஒவ்வொரு லேப்பையும் கொஞ்சம் இறுக்கிப் போட்டால் ஷீட்டுக்கு ஆறேழு மி.மீ சுருங்கும், பன்னிரண்டு லேப்பில் 70 முதல் 80 மி.மீ போய்விடும். மிகுதி 100 மி.மீக்குக் குறைவாக வந்தால் ஒரு வரிசை கூடுதலாக வாங்குவதோ, பக்க நீட்டலைக் கொஞ்சம் குறைப்பதோ நல்லது. சட்டம் இன்னும் அடிக்கவில்லை என்றால் இரண்டாவது வழியே எனக்குப் பிடித்தது: 300 மி.மீ நீட்டலை 250 ஆக்கினால் எந்தச் செலவும் இல்லாமல் 100 மி.மீ கிடைத்துவிடும்.

வேலை நடக்கும்போது இந்தச் சுருக்கத்தைக் கண்டுபிடிக்க, ஐந்தாவது ஷீட் போட்டதும் முதல் ஷீட்டின் வெளி விளிம்பிலிருந்து மேலேயும் கீழேயும் அளந்து பாருங்கள். 5.07 மீட்டர் வர வேண்டும். மேலே 5.07, கீழே 5.04 என்றால் ஷீட்டுகள் விசிறிபோல் விரிகின்றன. அங்கேயே திருத்தலாம், பத்தாவது ஷீட்டில் முடியாது.

அலை வடிவ ஷீட்டுக்கும் இதே முறைதான், மூடும் அகலம் மட்டும் மாறும். ஒன்றரை அலை லேப் எடுக்கும் இடத்தில் சரிவு குறைவென்று இரண்டரை அலை எடுத்தால் ஒவ்வொரு ஷீட்டும் ஒரு அலை அகலத்தை இழக்கும். அலைக்கு அலை 76 மி.மீ என்றால் பன்னிரண்டு லேப்பில் 900 மி.மீக்கு மேல் போய்விடும், ஏறக்குறைய ஒரு முழு ஷீட்.

வெளிச்சத்துக்காக இடையில் ஒளி ஊடுருவும் ஷீட் போடுவதாக இருந்தால் அதுவும் ஒரு வரிசைதான். 26-இலிருந்து கழித்துக்கொண்டு தனியாக எழுதுங்கள். அதன் மடிப்பு உலோக ஷீட்டோடு ஒத்துப்போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புகைபோக்கிக்கோ குழாய்க்கோ வெட்டும் ஓட்டைகளுக்காக எதையும் கழிக்க வேண்டாம்.

ரிட்ஜ்

முகட்டு நீளம் கூரை நீளமேதான், 12.6 மீட்டர். இதைச் சரிவால் பெருக்க வேண்டாம், முகடு கிடைமட்டமாக ஓடுகிறது. ரிட்ஜ் துண்டு ஒன்று 1.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 12.6 ÷ 1.8 = 7, மிச்சமே இல்லாமல் வந்துவிட்டது. இப்படி மிச்சமில்லாமல் வரும் விடைதான் ஆபத்து. ஒரு துண்டு அடுத்ததன் மேல் 150 மி.மீ ஏற வேண்டும். ஏழு துண்டுக்கு ஆறு இணைப்பு, 0.9 மீட்டர் அதிலேயே கரைந்துவிடும். முகட்டில் 0.9 மீட்டர் திறந்திருக்கும்.

சரியான கணக்கு: முதல் துண்டைத் தவிர ஒவ்வொன்றும் 1.65 மீட்டர்தான் முன்னேறும். 12.6-இலிருந்து ஒரு லேப்பைக் கழித்தால் 12.45. அதை 1.65-ஆல் வகுத்தால் 7.5, ஆகவே 8 துண்டு. எட்டும் சேர்ந்து 13.35 மீட்டர் மூடும், 750 மி.மீ மிகுதி. அதை வெட்டி எறிய வேண்டாம். ஏழு இணைப்புகளிலும் பகிர்ந்தால் லேப் 150-இலிருந்து சுமார் 255 மி.மீ ஆகும், ஒழுக்கு பயம் இன்னும் குறையும்.

ரிட்ஜ் ஆர்டரில் எண்ணிக்கையோடு இன்னும் இரண்டு தகவல் வேண்டும். ஒன்று மடிப்புக் கோணம். மூன்றுக்கு ஒன்று சரிவு என்றால் 18.4 பாகை. இரண்டு பக்கமும் சேர்த்து 36.9, ஆகவே ரிட்ஜின் உள்கோணம் சுமார் 143 பாகை. கோணம் சொல்லாமல் வாங்கிய ரிட்ஜ் ஒன்று மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் முகட்டு நடுவில் உயர்ந்து நின்று காற்றில் படபடக்கும். அதைக் கையால் மிதித்து வளைத்தால் மடிப்பில் பூச்சு வெடிக்கும், சில மழைக்காலத்தில் அந்தக் கோட்டிலேயே துரு இறங்கும். இரண்டாவது, இறக்கையின் விளிம்பு. தட்டையான விளிம்பு ஷீட்டின் மேடுகள் மேல்தான் உட்காரும், ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு ஜன்னல் திறந்திருக்கும். சாய்ந்து அடிக்கும் மழையும் பறவையும் அதன் வழியாகத்தான் வரும். ஷீட்டின் மடிப்புக்கு ஏற்ப வெட்டிய விளிம்புள்ள ரிட்ஜ் கேளுங்கள், இல்லையென்றால் பள்ளத்தை அடைக்கும் ஃபோம் பட்டை வாங்குங்கள். பட்டை ஒன்று ஒரு ஷீட்டின் மூடும் அகலத்துக்கு வருவதாக இருந்தால் இங்கே 26 தேவை.

ஸ்க்ரூ

ஸ்க்ரூவைச் சதுர மீட்டருக்கு இத்தனை என்று சொல்லும் வழக்கம் பரவலாக இருக்கிறது. தோராயத்துக்கு உதவும், ஆனால் பர்லின் இடைவெளி மாறினால் அந்த எண்ணும் மாறிவிடும். ஷீட் பர்லினைக் கடக்கும் இடங்களை எண்ணுவதே நம்பகமானது. அதற்கு முதலில் பர்லின் எத்தனை என்று தெரிய வேண்டும்.

நம் ஷீட் 4.30 மீட்டர். கீழ் முனையிலிருந்து 150 மி.மீ தள்ளி முதல் பர்லின். மேல் முனையிலிருந்து 250 மி.மீ தள்ளிக் கடைசி பர்லின். இவ்வளவு தள்ளுவதற்குக் காரணம் உண்டு: ரிட்ஜின் இறக்கை ஷீட்டின் மேல் 160 மி.மீ வரை வருகிறது, ஸ்க்ரூவின் தலை அதன் அடியில் மாட்டிக்கொண்டால் இறக்கை படியாமல் தூக்கி நிற்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் 3.90 மீட்டர். நாம் எடுத்த ஷீட்டுக்கு அனுமதித்த அதிகபட்ச பர்லின் இடைவெளி 1.2 மீட்டர் என்றால், 3.90 ÷ 1.2 = 3.25, மேலே ஏற்றி 4 இடைவெளி. ஒவ்வொன்றும் 975 மி.மீ. நான்கு இடைவெளிக்கு ஐந்து பர்லின். இடைவெளிக்கும் பர்லினுக்கும் எப்போதும் ஒன்று வித்தியாசம் இருக்கும் என்பதை மறந்தால் ஒரு வரிசை ஸ்க்ரூ முழுதாகக் காணாமல் போகும்.

ஷீட்டில் மேட்டுக்கு மேடு 250 மி.மீ. ஆகவே மூடும் அகலம் 1000-இல் நான்கு மேடு, லேப் மேட்டை ஒரு முறை மட்டும் எண்ணினால். ஸ்க்ரூ மேட்டின் உச்சியில் போகிறது. பர்லின்களில் மேல், கீழ் இரண்டிலும் ஒவ்வொரு மேட்டிலும் ஒன்று. நடுவில் உள்ள மூன்றிலும் ஒன்றுவிட்டு ஒரு மேட்டில் ஒன்று. கூரையின் ஓரத்தில்தான் காற்று பிடுங்கும் என்பதால், இரு முனையிலும் உள்ள ஷீட்டுக்கு மட்டும் நடு பர்லின்களிலும் எல்லா மேட்டிலும் போடுவோம். ஷீட் தயாரிப்பாளர் இதைவிட நெருக்கமான முறையைச் சொல்லியிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். புயல் அடிக்கும் பகுதியில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஒரு சரிவுக்கு எண்ணுவோம். மேல், கீழ் பர்லின்: 13 × 4 = 52, கடைசி ஓர மேட்டுக்கு 1 சேர்த்து 53. இரண்டு பர்லினுக்கு 106. நடு பர்லின் ஒன்றுக்கு: முனை ஷீட் இரண்டுக்கும் 8, மற்ற பதினொன்றுக்கு இரண்டிரண்டாக 22, ஓர மேட்டுக்கு 1, ஆக 31. மூன்று பர்லினுக்கு 93. சரிவுக்கு 199, இரண்டுக்கும் 398. கடைசி ஷீட்டை வெட்டுவதால் உண்மையில் சில ஸ்க்ரூ மிஞ்சும், அதைத் துரத்த வேண்டாம்.

இவை பர்லினில் இறங்கும் நீள ஸ்க்ரூ. இதோடு ஷீட்டை ஷீட்டோடும் ரிட்ஜை ஷீட்டோடும் தைக்கும் குட்டை ஸ்க்ரூ தனி. இதைத்தான் பெரும்பாலும் மறக்கிறார்கள், கடைசியில் நீள ஸ்க்ரூவையே ரிட்ஜில் அடிக்கிறார்கள். பிடிக்க அடியில் எதுவும் இல்லாமல் அது மெல்லிய ஷீட்டில் சுழன்று ஓட்டையைப் பெரிதாக்கிவிடும்.

ரிட்ஜில் ஒன்றுவிட்டு ஒரு மேட்டில், அதாவது 500 மி.மீக்கு ஒன்று: 12.6 ÷ 0.5 = 25.2, மேலே ஏற்றி 26, தொடக்கத்துக்கு ஒன்று சேர்த்து 27. இரண்டு இறக்கைக்கும் 54. ரிட்ஜ் இணைப்பு ஏழிலும் பக்கத்துக்கு ஒன்று கூடுதலாக 14. ஷீட்டின் பக்க லேப்பில் பர்லின்களுக்கு நடுவில் ஒன்று: சரிவுக்கு 12 லேப், 4 இடைவெளி, ஆக 48; இரண்டுக்கும் 96. முக்கோணச் சுவர் பக்கத்து ஓரப் பட்டைக்கு நான்கு விளிம்பிலும் பத்துப் பத்தாக 40. மொத்தம் 54 + 14 + 96 + 40 = 204.

கீழே விழுவது, தலை நசுங்குவது, வாஷர் பிய்வது என்று சேதாரம் உண்டு. இங்கே ஐந்து சதவீதம் பொருந்தும்: நீள ஸ்க்ரூ 418, குட்டை ஸ்க்ரூ 215. நூறு நூறாகப் பெட்டியில் வந்தால் 5 பெட்டியும் 3 பெட்டியும்.

ஸ்க்ரூவின் நீளத்தையும் கணக்கிட வேண்டும். மேட்டின் உச்சியில் இறங்குவதால் முதலில் மேட்டின் உயரத்தைத் தாண்ட வேண்டும். மேடு 28 மி.மீ, இரும்பு பர்லினின் கனம் 2 மி.மீ, ரப்பர் வாஷருக்கு 4, பர்லினைத் தாண்டி வெளியே வரும் முனைக்கும் மரைக்கும் சுமார் 15. கூட்டினால் 49, ஆகவே 55 மி.மீ ஸ்க்ரூ. மரப் பர்லின் என்றால் மரத்துக்குள் 30 மி.மீயாவது இறங்க வேண்டும், அதனால் 65 மி.மீ, அதோடு மரத்துக்கான முனையுள்ள ஸ்க்ரூவே வேண்டும். குட்டை ஸ்க்ரூ 20 மி.மீ அளவில் இருந்தால் போதும். எல்லாவற்றிலும் ரப்பர் வாஷர் கோத்தே வர வேண்டும்.

வாஷர் சரியாக இறங்கியதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். ரப்பர் உலோகத் தொப்பியின் விளிம்புவரை வந்து நின்றால் சரி. தொப்பிக்கு வெளியே பிதுங்கி உதடு மாதிரி தெரிந்தால் அளவுக்கு மீறி முறுக்கியாயிற்று, மேடும் லேசாகக் குழிந்திருக்கும். அந்தக் குழியில்தான் தண்ணீர் தேங்கும். ரப்பரே தெரியாமல் தலை ஆடினால் இன்னும் இறங்கவில்லை.

ஆர்டர் தாள்

கடையில் கொடுக்கும் தாளில் இப்படி எழுதலாம்:

- ஷீட்: 4.30 மீட்டர் × 26. மூடும் அகலம் 1000 மி.மீ, கனம், நிறம், மடிப்பின் பெயர்.
- ரிட்ஜ்: 1.8 மீட்டர் × 8. இறக்கை 200 மி.மீ, உள்கோணம் 143 பாகை, அதே நிறம், மடிப்புக்கு ஏற்ற விளிம்பு. தட்டை விளிம்பானால் ஃபோம் பட்டை 26.
- நீள ஸ்க்ரூ 55 மி.மீ, இரும்புக்கான முனை, வாஷருடன்: 418.
- குட்டை ஸ்க்ரூ 20 மி.மீ, வாஷருடன்: 215.

ஷீட்டில் ஒன்று கூடுதலாக 27 என்று எழுதுவதா என்பது உங்கள் முடிவு. நிறம் பூசி, குறிப்பிட்ட நீளத்துக்கு வெட்டி வரும் ஷீட் என்றால் வாங்கிவிடுவது நல்லது என்பேன். இறக்கும்போது ஒன்று மடங்கினால், பிறகு ஒற்றை ஷீட்டுக்கு ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், வருவது வேறு தொகுதியாக இருந்தால் நிறமும் ஒரு சாயல் மாறியிருக்கும். எப்போதும் கிடைக்கும் பூச்சில்லாத ஷீட் என்றால் 26 போதும்.

இந்த முறை ஒரே பக்கம் சரியும் கூரைக்கும் அப்படியே பொருந்தும். ஒரு சரிவு மட்டும், ரிட்ஜுக்குப் பதில் சுவர்ப் பட்டை. நான்கு பக்கமும் சரியும் கூரைக்குப் பொருந்தாது. அங்கே மூலைகளில் ஒவ்வொரு வரிசையும் வேறு நீளம். சாய்வாக வெட்டிய துண்டு எதிர் மூலைக்குப் பொருந்துமா என்பது மடிப்பின் திசையைப் பொறுத்தது. அதற்கு ஒவ்வொரு வரிசையையும் அளவு போட்டு வரைந்து பார்ப்பது ஒன்றே வழி.

லாரி வந்ததும் எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அடுக்கின் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று எடுத்து நீளத்தை அளங்கள். இரண்டைப் பொருத்தி மூடும் அகலத்தையும் பாருங்கள். 1000-க்குப் பதில் 960 வந்தால் 12.6-ஐ 0.96-ஆல் வகுக்க 13.1, ஒவ்வொரு சரிவுக்கும் 14 வரிசை என்று ஆகிவிடும். அதைக் கூரை மேல் நின்று தெரிந்துகொள்வதைவிட லாரி நிற்கும்போதே தெரிந்துகொண்டால், இரண்டு ஷீட்டை அதே ஆளிடம் அன்றே கேட்கலாம்.